திருவிழாவுக்குப் போற வீட்டில் துவக்கு இருந்தால்

ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடி ஏறும். அதில் இருந்து 25 நாள் திருவிழா. நம்ம தோட்டங்களில் இருந்து வருஷா வருஷம் பல குடும்பங்கள் யாழ்ப்பாணம் போய் வருவது எல்லோருக்கும் தெரிந்ததே. கலியாணம் கட்டிப் போனவர்கள், வேலைக்குப் போனவர்கள், 1958இலும் 1977இலும் அடிபட்டு வன்னிக்குப் போய்க் குடியேறியவர்களின் சொந்தங்கள் என்று அங்கே நமக்கு உறவுக்காரர் குறைவில்லை. தேர், தீர்த்தம் பார்க்கப் போனால் நாலைந்து நாள் ஒரு வீட்டில் தங்க வேண்டி வரும். பள்ளி விடுமுறையும் சேர்ந்து வரும் வருஷம் என்றால் பிள்ளைகள் பட்டாளமே கூடவே போகும்.

போகிற இடத்தில் கிணறு இருக்கா, நாய் கடிக்குமா என்று கேட்கிறோம். துவக்கு இருக்கா என்று யாரும் கேட்பதில்லை. இந்த இதழில் அதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

நாம் இங்கே துப்பாக்கி என்கிறதை அங்கே துவக்கு என்பார்கள். நல்லூரில் வீடு வைத்துக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்பவர்கள் உண்டு. வயலில் பன்றி, குரங்கு, மயில் தொல்லை. பயிர்க் காவலுக்கு என்று விண்ணப்பித்து லைசன்ஸ் எடுத்து, ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று வைத்திருப்பார்கள். வயல் கொட்டிலில் வைத்தால் களவு போகும் என்று அதை நல்லூர் வீட்டுக்கே கொண்டுவந்து விடுவார்கள். நம்ம பக்கத்திலும் இது இல்லாத விஷயம் இல்லை. காவலுக்கு நிற்கும் வாட்ச்சர் கையில் துப்பாக்கி இருக்கும் இடம் உண்டு, பங்களா அலுமாரியில் இருப்பது உண்டு, மரக்கறித் தோட்டம் போடும் பக்கத்துக் கிராமத்தில் உண்டு. ஆகவே இது யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று யாரும் பக்கத்தைத் திருப்ப வேண்டாம்.

முதலில் அந்தத் துவக்கு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வோம். பெரும்பாலும் 12 போர் என்று சொல்லும் வகை. நடுவில் முறிந்து திறக்கும். மேலே ஒரு நெம்பு இருக்கும், அதைத் தள்ளினால் குழல் கீழே சாயும், பின்வாய் தெரியும். அந்த வாயில் ஒரு தோட்டாவைப் போட்டு மூடினால் துவக்கு நிரம்பிவிட்டது. பழைய துவக்குகளில் பின்பக்கம் ஒரு சின்னச் சுத்தி வெளியே தெரியும், அதைக் குதிரை என்பார்கள். குதிரையைப் பின்னால் இழுத்துவிட்டு விசையை அழுத்தினால் வெடிக்கும். இவ்வளவுதான். ஒரு முறை பெரியவர் செய்வதைப் பார்த்த எட்டு வயசுப் பிள்ளைக்கு இது மனப்பாடம்.

"எங்கட பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வச்சிருக்கிறம், தொடமாட்டினம்" என்று சொல்வார்கள். இதை நம்பி இருக்க முடியாது என்பதற்கு ஓர் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 8 முதல் 12 வயசு வரையான ஆண்பிள்ளைகள் 64 பேரை இரண்டு மூன்று பேராகச் சேர்த்து ஓர் அறைக்குள் விளையாட விட்டார்கள். அந்த அறையின் லாச்சி ஒன்றில், வெடிக்காதபடி செய்த நிஜத் துப்பாக்கி ஒன்று இருந்தது. மறைவில் இருந்து பார்த்தார்கள். மொத்தம் 29 கூட்டம். 21 கூட்டம் துப்பாக்கியைக் கண்டுபிடித்தது. அதில் 16 கூட்டத்தில் பிள்ளைகள் எடுத்துப் பார்த்தார்கள். 10 கூட்டத்தில் யாரோ ஒருவர் விசையையே அழுத்திவிட்டார். இது 2001இல் வெளியான ஆய்வு. துப்பாக்கியைத் தொட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே அதுபற்றிப் புத்திமதி கேட்டவர்கள். கண்டெடுத்தவர்களில் பாதிப் பேர் அளவில் அது நிஜமா விளையாட்டுச் சாமானா என்று தெரியாமல் இருந்தார்கள். புத்திமதி சொல்லத்தான் வேண்டும், ஆனால் பூட்டு செய்கிற வேலையைப் புத்திமதி செய்யாது.

சரி, துவக்கைச் சொந்தமாக வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும்? வெடியை எடுப்பதில் இருந்து தொடங்க வேண்டும். பூட்டு அதற்குப் பிறகுதான்.

வயலில் இருந்து வந்தவர் துவக்கோடு வீட்டுக்குள் நுழையக் கூடாது. முற்றத்திலேயே நின்று, ஆள் இல்லாத பக்கம், மண் நிலத்தைப் பார்த்துக் குழலைப் பிடித்துக்கொண்டு நெம்பைத் தள்ளித் திறக்க வேண்டும். உள்ளே தோட்டா இருந்தால் கொஞ்சம் மேலே எழும்பி வரும், கையால் எடுத்துவிடலாம். எடுத்த பிறகு குழலுக்குள்ளால் வெளிச்சம் தெரிகிறதா என்று பின்வாயில் இருந்து பார்க்க வேண்டும். இருட்டாய் இருந்தால் சுண்டு விரலை விட்டுத் தடவிப் பார்க்கலாம். "நான் எடுத்துட்டேன், எனக்கு நிச்சயம் தெரியும்" என்பது பேச்சு. விரல் சொல்வதுதான் சரி. வீட்டுக்குள் நடக்கும் விபத்துகளில் வெடி இல்லை என்று நம்பிக் கையாண்ட துவக்கு பேர்போனது. மழை நனைந்து ஊதிப்போன தோட்டா சில வேளை உள்ளே இறுகிக் கிடக்கும், இழுத்தால் வராது. அதைக் கம்பியால் குத்தித் தள்ளவே கூடாது. துவக்கைத் திறந்தபடியே, யாரும் கிட்டப் போகாமல் வைத்துவிட்டு, துவக்குத் திருத்துகிற ஆளையோ பொலிஸ் நிலையத்தையோ கேட்க வேண்டும்.

இனிப் பூட்டு. கடையில் பல தினுசு கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு.

விசைப்பூட்டு என்பது இரண்டு துண்டாய் வரும். விசையைச் சுற்றியுள்ள வளையத்தின் இரு பக்கமும் வைத்துத் திறப்பால் இறுக்குவது. விலை குறைவு. பார்வைக்கு நல்ல காவல் போலத் தெரியும். ஆனால் அதைப் போட்ட பிறகும் துவக்கைத் திறக்கலாம், தோட்டா போடலாம், குதிரையை இழுக்கலாம். விழுந்து அடிபட்டால் பழைய துவக்கு விசையைத் தொடாமலே வெடிக்கக் கூடும். பூட்டைப் போடும்போதே அந்தத் துண்டு விசையில் இடிபடவும் இடமுண்டு. ஆகவே வெடி உள்ள துவக்குக்கு இதைப் போடவே கூடாது. வெறும் துவக்குக்கு, வேறு காவலோடு சேர்த்துப் போடுவதென்றால் சரி.

முறித்துத் திறக்கிற துவக்குக்கு எங்கள் அபிப்பிராயத்தில் அதைவிட நல்லது கேபிள் பூட்டு. பிளாஸ்டிக் உறை போட்ட இரும்புக் கயிறு, நுனியில் பூட்டு. சைக்கிளுக்குப் போடுகிறோமே, அந்த மாதிரித்தான், கொஞ்சம் மெல்லிசு. துவக்கைத் திறந்து கயிற்றைப் பின்வாயால் விட்டுக் குழல் நுனியால் எடுத்து வளைத்துப் பூட்டிவிட்டால் துவக்கை மூடவே முடியாது. மூட முடியாத துவக்கில் தோட்டா நிற்காது, வெடிக்காது. வெடி இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை, ஏனென்றால் தோட்டா இருந்தால் கயிறு போகாது. குறை என்னவென்றால், நல்ல குறடு வைத்திருப்பவன் கயிற்றை வெட்டிவிடுவான். பிள்ளைக்குக் காவல், கள்ளனுக்குக் காவல் இல்லை.

கள்ளனுக்கும் சேர்த்துக் காவல் வேண்டும் என்றால் இரும்புப் பெட்டி அல்லது இரும்பு அலுமாரிதான். இங்கிலாந்தில் இதற்கென்று தனித் தரமே வைத்திருக்கிறார்கள், தகடு குறைந்தது 2 மில்லிமீற்றர் கனம் இருக்க வேண்டும் என்று. உள்ளிருந்து ஆணி போட்டுச் சுவரோடு இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் அலுமாரியோடேயே தூக்கிக்கொண்டு போய்விடுவான். நம்மவர்கள் உடுப்பு அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள். அதில் இரண்டு ஆபத்து. மலிவான அலுமாரிகளில் ஒன்றின் திறப்பு இன்னொன்றைத் திறக்கும், இதைப் பிள்ளைகள் நம்மைவிட முதலில் கண்டுபிடிப்பார்கள். மற்றது, உடுப்புக்காக ஒரு நாளைக்குப் பத்துத் தரம் திறக்கிற கதவு அது. துவக்கு வைத்த இடத்தில் வேறு எதுவும் வைக்காவிட்டால்தான் அதைத் திறக்கிற தேவை குறையும்.

இலக்கப் பூட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். திறப்பு தொலையாது என்று ஆசைப்படுவது நியாயம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று இலக்கம் என்றால் 000 முதல் 999 வரை மொத்தம் 1000 எண். ஓர் எண்ணுக்கு 3 செக்கன் எடுத்தாலும் 3000 செக்கன், அதாவது 50 நிமிஷம். பெரியவர்கள் தேர் பார்க்கப் போன நேரத்தில் வீட்டில் இருக்கும் பன்னிரண்டு வயசுப் பையனுக்கு 50 நிமிஷம் பெரிசா? நாலு இலக்கம் என்றால் 10,000 எண், எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அதனால் நாலு இலக்கத்துக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். அதிலும் மலிவுப் பூட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு சில்லைத் திருப்பினால் சரியான எண்ணில் ஒரு தடக்கல் கைக்குத் தெரியும். இப்பொழுது போனில் பார்த்தே அதைப் பழகிவிடுகிறார்கள். பிள்ளையின் பிறந்த வருஷத்தை எண்ணாக வைப்பவர்களுக்கு என்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

திறப்புப் பூட்டு என்றால் திறப்பு எங்கே என்பதுதான் கேள்வி. சாமிப் படத்துக்குப் பின்னால், அரிசிப் பானைக்குள், அலுமாரிக்கு மேலே என்று நாம் ஒளிக்கிற இடம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அமெரிக்காவின் அலபாமா நாட்டுப்புறத்தில் துப்பாக்கி உள்ள வீடுகளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே விசாரித்தார்கள், அது 2006இல் வெளிவந்தது. எங்கே வைத்திருக்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 100க்கு 39 பேரின் பிள்ளைகள், தெரியும் என்றார்கள். பிள்ளை கையால் தொட்டதே இல்லை என்றவர்களில் 100க்கு 22 பேரின் பிள்ளைகள், தொட்டிருக்கிறோம் என்றார்கள். ஒளிப்பது பூட்டுவது ஆகாது. திறப்பு ஆளோடு இருக்க வேண்டும், அரைஞாணிலோ கழுத்துக் கயிற்றிலோ, வீட்டுத் திறப்புக் கொத்தோடு சேராமல்.

அப்படியானால் துவக்கையே ஆளோடு வைத்துக்கொண்டால் என்ன, தலையணைக்குக் கீழே வைத்தால் கையெட்டும் தூரத்தில் இருக்குமே என்று ஒருவர் கேட்டார். நல்லூரிலேயே நடந்ததைச் சொன்னோம். 2017 ஜூலை 22ஆம் திகதி நல்லூர்க் கோயிலுக்கு அருகே, யாழ்ப்பாண மேல் நீதிமன்ற நீதிபதியாயிருந்த மா. இளஞ்செழியன் அவர்களுக்குக் காவலாய் வந்த பொலிஸ்காரரின் இடுப்பில் இருந்த துப்பாக்கியை ஒருவன் பறித்து, அதாலேயே சுட்டான். அந்தப் பொலிஸ்காரர் இறந்துபோனார். பயிற்சி பெற்ற, விழித்திருந்த ஆளின் இடுப்பில் இருந்ததே அடுத்தவன் கைக்குப் போயிற்று. நித்திரையில் இருப்பவனின் தலையணைக்குக் கீழே இருப்பது எம்மாத்திரம்?

தோட்டாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பூட்டுப் போட்டவர்களும் இதில் விட்டுவிடுகிறார்கள். துவக்கும் தோட்டாவும் ஒரே பெட்டியில் இருந்தால் ஒரு பூட்டு போனதும் எல்லாம் போயிற்று. வேறு பெட்டி, வேறு பூட்டு, வேறு திறப்பு, கூடுமானால் வேறு அறை. துவக்கைப் பூட்டுவது, வெடி எடுத்து வைப்பது, தோட்டாவைப் பூட்டுவது, இரண்டையும் பிரித்து வைப்பது என்ற நாலும் தனித்தனியே பிள்ளைகளுக்கு வரும் ஆபத்தைக் குறைக்கிறது என்று 2005இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. நாலில் எது முடிகிறதோ அதைச் செய்தாலும் பலன் உண்டு என்றுதான் நாங்கள் அதை எடுத்துக்கொள்கிறோம்.

தோட்டாப் பெட்டி காய்ந்த இடத்தில் இருக்க வேண்டும். அடுப்படிப் பரண் ஆகாது, தகரக் கூரைக்குக் கீழே வெயில் கொதிக்கிற இடமும் ஆகாது. வழக்கமாக ஒரு பெட்டியில் 25 தோட்டா வரும். மூடியின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி, எத்தனை இருக்கிறது, எந்தத் திகதியில் எத்தனை எடுத்தது, எத்தனை திரும்ப வைத்தது என்று எழுதி வந்தால் ஒன்று குறைந்தாலும் தெரியும். குறைந்தால் அதைத் தேடி எடுக்கும் வரை அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. பெரும்பாலும் சட்டைப் பையில் மறந்து போயிருக்கும், அந்தச் சட்டையைத் தோய்க்கக் கழற்றிப் போட்டால் முதலில் பையைத் தடவுவது யார் என்று உங்களுக்கே தெரியும். பச்சை பூத்ததும் ஊதினதும் உபயோகத்துக்கு ஆகாது. அடுப்பில் போடக் கூடாது, குப்பையில் போடக் கூடாது, கிணற்றில் போடக் கூடாது. பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கலாம்.

நல்லூரில் நாங்கள் போய்ப் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறோம். இரண்டு அறை, ஒரு விறாந்தை. பிள்ளைகள் மூன்று பேர், மூத்தவன் பதினொன்று. துவக்கைச் சாக்கில் சுற்றி அலுமாரிக்கு மேலே கிடத்தியிருந்தார்கள், தோட்டாப் பையும் பக்கத்திலேயே. உயரமான இடம் என்று அவர்களுக்குத் தைரியம். கட்டிலில் ஏறி அலுமாரிக் கைபிடியில் கால் வைத்தால் எட்டும். அலுமாரியின் மேல்விளிம்பில் தூசிக்கு நடுவில் சின்ன விரல் அடையாளம் இருந்தது. வீட்டுக்காரர் அதைப் பார்த்ததும் பேசவில்லை. சாக்குக்குள் துவக்கு துருப்பிடித்தும் இருந்தது, ஏனென்றால் சாக்கு ஈரத்தை வாங்கிப் பிடித்துக்கொள்ளும்.

இரும்பு அலுமாரி வாங்க அவர்களிடம் பணம் இல்லை. ஆனால் அந்த வகைத் துவக்கில் ஒரு வசதி உண்டு. குழலுக்குக் கீழே கையால் பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றினால், குழல் ஒரு துண்டு, பின்கட்டை ஒரு துண்டு, முன்கட்டை ஒரு துண்டு என்று மூன்றாகும். ஆயுதம் ஏதும் வேண்டாம், துடைக்கும்போது எப்படியும் கழற்றுவதுதான். முழுத் துவக்கு நாலடிக்குக் கொஞ்சம் குறைவாய் இருக்கும், கழற்றின குழல் இரண்டரை அடிக்குள் அடங்கும். வீட்டில் கிடந்த பழைய றங்குப்பெட்டியில் குழலும் பின்கட்டையும் போயின. பெட்டிக்கு ஆமைப்பூட்டு, பெட்டியின் பின்பக்கத்தை உள்ளிருந்து போல்ட் போட்டுச் சுவரோடு இறுக்கியாயிற்று. பெட்டியின் பிணைச்சல் ஆணிகள் வெளியே தெரிந்தன, ஸ்குரூ டிரைவரால் கழற்றினால் பூட்டைத் தொடாமலே மூடி வந்துவிடும். அதனால் ஆணியின் தலையை அடித்துத் தட்டையாக்கச் சொன்னோம். முன்கட்டையைத் தோட்டாப் பெட்டியோடு மற்ற அறையில் வைத்தார்கள். குழலை எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பதால் சாக்கும் தேவைப்படவில்லை.

தோட்டாப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு திறப்பு அவரிடம், மற்றது மனைவியிடம். நம்ம சங்கப் பெட்டிக்குத் தலைவரும் பொருளாளரும் ஆளுக்கொரு திறப்பு வைத்திருப்பது போலத்தான். இருவரும் சேராமல் திறக்காது. இந்த யோசனை அந்த அம்மாவுடையது. காரணத்தை அவரே சொன்னார், "பிள்ளைகளுக்காக மட்டும் இல்லை, இவர் குடிச்சிட்டு வாற நாளுக்கும் சேர்த்துத்தான்." அவர் சிரித்தபடி சொன்னார், வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஆனாலும் பூட்டைப் போட்டார்.

நம்ம தோட்டங்களில் மருந்துப் போத்தலைப் பூட்டி வைக்கச் சொல்லி எத்தனை கூட்டம் போட்டிருக்கிறோம். சண்டை வந்த ராத்திரி, பரீட்சை முடிவு வந்த நாள், அந்தக் கொஞ்ச நேரம் கைக்கு எட்டாமல் இருந்தால் பிழைத்துப் போகிற உயிர்கள் அவை. துவக்குக்கும் அதே கதைதான், ஆனால் மருந்து குடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் கிடைக்கும், இதில் கிடைக்காது. வளர்ந்த பிள்ளை, பதினைந்து பதினாறு வயசு, நல்லாய்ப் பழகினவன் என்று சொல்லித் திறப்பைக் கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். வீட்டில் யாராவது மனம் ஒடிந்து, பேச்சுக் குறைந்து இருக்கிற காலம் என்றால் துவக்கு அந்த வீட்டில் இருக்கவே வேண்டாம். பொலிஸ் நிலையத்தில் விஷயத்தைச் சொல்லிப் பாரம் கொடுப்பதற்கு வழி கேட்கலாம். சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைப்பது சரியில்லை, லைசன்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பாளி. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. லைசன்ஸ் ஒவ்வொரு வருஷமும் டிசெம்பர் 31உடன் முடியும், புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத துவக்கு பூட்டின பெட்டிக்குள் இருந்தாலும் குற்றம்தான். பன்றிக்குக் கட்டுகிற கட்டுத்துவக்குக்கு லைசன்ஸே கிடையாது, அது கம்பியில் கால் தடக்குகிற பிள்ளையையும் பன்றியையும் பிரித்துப் பார்க்காது.

விருந்தாளியாய்ப் போகிற நமக்கு என்ன வேலை என்றால், புறப்படுமுன் போனில் ஒரு வார்த்தை கேட்பது. கூச்சமாய்த்தான் இருக்கும். "அண்ணே, பிள்ளைகளும் வாறாங்க. வயலுக்கு எடுத்த துவக்கு வீட்டிலயா இருக்கு? பூட்டித்தான் வச்சிருக்கீங்களா? தோட்டா வேறயா இருக்கா?" என்று கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் அந்த வீட்டில் தங்காமல் கோயிலடி மடத்திலோ வேறு உறவுக்காரர் வீட்டிலோ தங்கலாம். தாத்தா பாட்டி மட்டும் இருக்கிற வீடு என்றால் கட்டாயம் கேளுங்கள், பல வருஷமாய்ச் சின்னப் பிள்ளை இல்லாத வீட்டில் பூட்டுகிற பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

அங்கே போனதும் பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். அந்த மண்ணில் யுத்தம் நடந்தது. கிளிநொச்சி, முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எடுக்கும் வேலை யுத்தம் முடிந்து வருஷக்கணக்காய் நடந்து வந்திருக்கிறது. வயல் வரம்பிலோ பற்றைக்குள்ளோ தோட்டா மாதிரி, டின் மாதிரி ஏதாவது கிடந்தால் எடுக்கக் கூடாது, கல்லால் எறியக் கூடாது. நின்ற இடத்தில் நின்று, வந்த அடிவழியே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். பெரியவர்கள் 119க்கு அறிவிக்க வேண்டும்.